பள்ளி, அலுவலகம், வீடு: மூன்றுக்கும் ஒரே செயலி போதுமா?

வானம்பாடி · ஜூன் 8, இரவு 10.15

நானும் கணவரும் முழுநேர வேலைக்குச் செல்கிறோம். பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி, அதில் கூகுள் காலண்டர் உள்ளது. கணவரிடம் ஐபோன் இருக்கிறது. அதிலேயே வரும் நாட்காட்டியைத்தான் அவர் பார்ப்பார். என் அலுவலகத்தில் அவுட்லுக். பள்ளியோ தகவலைச் சுற்றறிக்கையாகவும், வகுப்புக் குழுச் செய்தியாகவும், தன் இணையதளத்தில் ஒரு நாட்காட்டி இணைப்பாகவும் மூன்று வழிகளில் அனுப்புகிறது.

இன்று வந்த செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 20 காலை 9 மணிக்கு அறிவியல் கண்காட்சி. பெற்றோரில் ஒருவர் 10.30-க்கு வரவேண்டும். ஒப்புதல் படிவத்தை 12-ஆம் தேதிக்குள்ளும் மாதிரியை 18-ஆம் தேதிக்குள்ளும் ஒப்படைக்க வேண்டும். அன்று வெள்ளை உடை அணிய வேண்டும். இவ்வளவும் ஒரே பத்தியில் இருந்தன.

பணிப்பட்டியல் செயலிகளை முதல் வாரத்திற்குப் பிறகு யாரும் திறப்பதில்லை என்பதும், நாட்காட்டி ஒன்றே போதும் என்பதும் என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

மழைக்காலம் · ஜூன் 8, இரவு 10.52

முழுமையாக உடன்படுகிறேன். கூகுள் காலண்டரில் "பள்ளி" என்று தனியாக ஒரு நாட்காட்டியைத் தொடங்கிக் கணவரோடு பகிர்ந்துவிடுங்கள். நிகழ்வைப் பதியும்போது ஒரு நாள் முன்னதாக அறிவிப்பு வரும்படி வைத்தால் இரண்டு கைப்பேசிகளும் ஒலிக்கும். படிவம், மாதிரி போன்றவற்றைக் கூகுள் டாஸ்க்ஸில் எழுதினால் அவையும் அதே நாட்காட்டியில் தெரியும், கணவரும் பார்த்துக்கொள்வார். வேறு செயலியே தேவையில்லை.

நிரலர் · ஜூன் 9, காலை 7.30

தனி நாட்காட்டி தொடங்கிப் பகிர்வது சரி. மற்ற இரண்டும் சரியல்ல, அந்த இரண்டில்தான் பெரும்பாலான வீடுகளில் நிகழ்ச்சிகள் தவறிப்போகின்றன.

முதலாவது, கூகுள் காலண்டரில் நிகழ்வு பகிரப்படும், நினைவூட்டல் பகிரப்படாது. ஒரு நிகழ்வுக்கு நீங்கள் வைக்கும் அறிவிப்பு உங்கள் கணக்குக்கு மட்டுமே உரியது. பகிர்ந்த நாட்காட்டியில் கணவருக்கு நிகழ்வு கண்ணுக்குத் தெரியும். அவருடைய கைப்பேசி ஒலிக்க வேண்டுமென்றால் அவர் தன் கணக்கில் அந்த நாட்காட்டியின் அமைப்புகளைத் திறந்து, இயல்பான அறிவிப்பைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே நேரம் குறித்த நிகழ்வுகளுக்கு ஓர் இடமும் முழுநாள் நிகழ்வுகளுக்கு வேறோர் இடமும் உள்ளன. பள்ளி அனுப்புபவற்றில் பல முழுநாள் நிகழ்வுகள். முதல் இடத்தை மட்டும் நிரப்பிவிட்டு இரண்டாவதைக் காலியாக விட்டால், விளையாட்டு விழாவும் விடுமுறையும் ஓசையின்றிக் கடந்துபோகும்.

இரண்டாவது, கூகுள் டாஸ்க்ஸில் எழுதியவை உங்கள் நாட்காட்டியில் தெரிவது உண்மைதான், ஆனால் உங்களுக்கு மட்டுமே தெரியும். நாட்காட்டியைப் பகிர்ந்தாலும் பணிகள் கூடவே போவதில்லை. ஆகவே "படிவம் கொடுக்க வேண்டும்" என்று நீங்கள் எழுதுவீர்கள், கணவர் பார்க்கமாட்டார், பார்த்திருப்பார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மழைக்காலம் · ஜூன் 9, காலை 8.05

எங்கள் வீட்டில் இரண்டு கைப்பேசிகளும் ஒலிக்கின்றனவே? நான் கற்பனை செய்து எழுதவில்லை.

நிரலர் · ஜூன் 9, காலை 8.20

இரண்டு கைப்பேசிகளிலும் ஒரே கணக்கு திறந்திருந்தால் ஒலிக்கும். அல்லது நீங்கள் நாட்காட்டியைப் பகிராமல், ஒவ்வொரு நிகழ்விலும் துணைவரை விருந்தினராகச் சேர்த்து அழைப்பு அனுப்புகிறவராக இருக்கலாம். அப்போது நிகழ்வு அவருடைய முதன்மை நாட்காட்டிக்குப் போய்ச் சேர்ந்து, அவர் அங்கே வைத்திருக்கும் அறிவிப்பின்படி ஒலிக்கும்.

மழைக்காலம் · ஜூன் 9, காலை 8.41

அழைப்புதான் அனுப்புகிறோம். பகிர்வதும் அழைப்பதும் ஒன்றே என்று எண்ணியிருந்தேன். சரி, முக்கியமானவற்றுக்கு அழைப்பு அனுப்பலாம் என்று என் ஆலோசனையைத் திருத்தி வாசியுங்கள்.

திண்ணை · ஜூன் 9, மதியம் 1.10

எங்கள் வீட்டுச் செயலியின் பெயர் மாமியார். எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரு வாரம் முன்பிருந்தே நினைவூட்டும், மின்னூட்டம் தேவையில்லை. ஒலியை அணைக்கும் வசதி மட்டும் இன்னும் வரவில்லை.

இரவுப்பணி · ஜூன் 9, இரவு 11.48

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்ளத் தனிச் செயலி வேண்டாம் என்பேன். பள்ளி நாட்குறிப்பே போதும். கைப்பேசியைக் கொடுத்தால் வீட்டுப்பாடத்தைத் தவிர மற்றவையெல்லாம் நடக்கும்.

வானம்பாடி · ஜூன் 10, காலை 6.50

இரவுப்பணி, நான் கேட்டது பிள்ளைக்கு அல்ல, எங்களுக்கு.

நிரலர் சொன்னபடி "பள்ளி" நாட்காட்டியைத் தொடங்கிப் பகிர்ந்தேன். அழைப்பு மின்னஞ்சலைக் கணவர் திறந்து ஏற்றுக்கொண்டார். ஆனால் அவருடைய ஐபோன் நாட்காட்டியில் அவருடைய சொந்த நிகழ்வுகள் மட்டுமே தெரிகின்றன. "பள்ளி" தென்படவே இல்லை. கணினியில் அதே கணக்கில் திறந்தால் இருக்கிறது.

நிரலர் · ஜூன் 10, காலை 7.15

அதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. அவர் தன் கூகுள் கணக்கில் நுழைந்து, உலாவியில் இதைத் திறக்கட்டும்:

```
calendar.google.com/calendar/syncselect
```

பகிரப்பட்ட நாட்காட்டிகளின் பட்டியல் அங்கே இருக்கும். "பள்ளி"க்கு எதிரே குறியிட்டுச் சேமித்தால், சிறிது நேரத்தில் ஆப்பிள் நாட்காட்டியிலும் வந்துவிடும். இதைவிட எளிய வழி, ஐபோனிலேயே கூகுள் காலண்டர் செயலியை நிறுவிக்கொள்வது. ஆனால் இரண்டிலும் அறிவிப்பு இயங்கினால் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு முறை ஒலிக்கும். அப்படி ஒலிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே மனிதர்கள் இரண்டையும் பார்க்காமல் தள்ளிவிடப் பழகிவிடுவார்கள். ஏதாவது ஒன்றின் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள்.

வானம்பாடி · ஜூன் 10, இரவு 9.30

வந்துவிட்டது. முழுநாள் நிகழ்வுகளுக்கு "முந்தைய நாள் மாலை 7 மணி" என்று இருவரும் வைத்துக்கொண்டோம். காலையில் வைத்தால் செய்தி தெரியும். ஆனால் அதைச் செய்து முடிக்க நேரம் இருக்காது.

இப்போது கண்காட்சி நாட்காட்டியில் ஏறிவிட்டது. படிவத்தையும் மாதிரியையும் அதே நிகழ்வின் குறிப்பில் எழுதிவைத்தேன். எழுதியபின் ஓர் ஐயம் வந்தது. நிகழ்வு 20-ஆம் தேதியில் நிற்கிறது, ஒரு நாள் முன்னதாக ஒலிக்கும். அப்போது நான் குறிப்பைத் திறந்தால், 12-ஆம் தேதிக்குள் கொடுக்கவேண்டிய படிவம் பற்றி 19-ஆம் தேதி படித்துக்கொண்டிருப்பேன்.

நிரலர் · ஜூன் 10, இரவு 10.05

நாட்காட்டி மட்டும் போதாது என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். கண்காட்சி நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் 20-ஆம் தேதி நடந்து முடிந்துவிடும். படிவம் அப்படியல்ல, கொடுக்கும் வரை அது நிலுவையில் நிற்கும். நாட்காட்டியில் 12-ஆம் தேதி ஒரு வரியாக எழுதினால், 13-ஆம் தேதி விடிந்ததும் அது பார்வையிலிருந்து நகர்ந்து போய்விடும். கொடுத்தாயிற்றா இல்லையா என்பது நாட்காட்டிக்குத் தெரியாது. பணிப்பட்டியலில் எழுதியது, காலம் கடந்தும் சிவப்பு நிறத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நேரத்தில் நடப்பவற்றை நாட்காட்டியிலும் முடிக்கவேண்டியவற்றைப் பணிப்பட்டியலிலும் எழுதுங்கள். ஒரு பள்ளிச் செய்தியிலிருந்து பொதுவாக ஒரு நிகழ்வும் இரண்டு மூன்று பணிகளும் பிரிந்து வரும்.

வானம்பாடி · ஜூன் 11, இரவு 10.40

கண்காட்சிச் செய்தியை அப்படியே பிரித்துப் பார்த்தேன். வேறு யாருக்காவது பயன்படலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

நாட்காட்டியில் இரண்டு பதிவுகள். காலை 9 மணிக்குக் கண்காட்சி என்பது மகளுடைய நிகழ்வு. அதற்கு எங்களில் யாரும் போகவேண்டியதில்லை. 10.30-க்குப் பெற்றோர் வருகை என்பது எங்களில் ஒருவருடைய நிகழ்வு. அதைத் தனியாக, போக வர எடுக்கும் நேரத்தையும் சேர்த்து 10 முதல் 12 வரை வைத்தேன். ஒரே பதிவாக வைத்திருந்தால் 9 மணிக்கே ஒருவர் அலுவலகத்திலிருந்து விடுப்பு கேட்டிருப்போம்.

பணிப்பட்டியலில் நான்கு. ஒப்புதல் படிவத்திற்கு 11-ஆம் தேதி வைத்தேன். 12 என்பது பள்ளியின் கெடு, முந்தைய இரவே பையில் வைத்துவிடுவதுதான் எங்கள் வேலை. மாதிரிக்கு வேண்டிய பொருள்களை வாங்குவது 13-ஆம் தேதி, மாதிரியை முடிப்பது 17-ஆம் தேதி. முதலில் "மாதிரி, 18" என்று ஒரே வரியாகத்தான் எழுதினேன். அப்படி இருந்தால் 17-ஆம் தேதி இரவு அட்டை தேடிக்கொண்டிருப்போம் என்று தோன்றியதால் உடைத்தேன். வெள்ளை உடையைத் துவைத்து எடுத்துவைப்பது 18-ஆம் தேதி, காய்வதற்கு ஒரு நாள் விட்டு.

இந்த நான்கில் இரண்டு கணவருக்கு. "நாம் செய்யவேண்டும்" என்று எழுதியது எதையும் இதுவரை அவர் செய்ததில்லை. ஒரு பெயர் இருந்தால் செய்கிறார். இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை, நானும் அப்படித்தான்.

எனவே என் பழைய கருத்தை விட்டுவிடுகிறேன். இனிக் கேள்வி இதுதான்: ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இயங்கி, பெயர் குறித்துப் பணியை ஒப்படைக்கும் வசதியுள்ள செயலி எது?

நிரலர் · ஜூன் 12, காலை 7.20

உங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்கிறேன். ஆப்பிள் ரிமைண்டர்ஸில் பட்டியலைப் பகிரலாம், பணியை ஒருவர் பெயரில் ஒப்படைக்கவும் முடியும். வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். ஆண்ட்ராய்டுக்கு அதன் செயலி இல்லை. கூகுள் டாஸ்க்ஸில் பகிர்வு இல்லாததால் அதுவும் விலகுகிறது. மிஞ்சுபவை மைக்ரோசாஃப்ட் டூ டூ, டோடூயிஸ்ட், டிக்டிக்.

மைக்ரோசாஃப்ட் டூ டூவில் கட்டணமின்றிப் பட்டியலைப் பகிரலாம், பெயர் குறிக்கலாம். ஆனால் அலுவலகக் கணக்கில் நுழைந்து தொடங்கிய பட்டியலைக் கணவருடைய தனிக் கணக்கோடு பகிர முடியாது. இருவரும் தனிக் கணக்கில்தான் தொடங்க வேண்டும். அதில் "மை டே" என்ற பகுதி ஒவ்வொரு நள்ளிரவும் காலியாகிவிடும். பணி அழிவதில்லை, தன் பட்டியலில் அப்படியே இருக்கும். ஆனால் இதை அறியாதவர்கள் காலையில் வெற்றுத் திரையைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

டோடூயிஸ்ட்டில் எழுதும் வாக்கியத்திலிருந்தே தேதியை அது எடுத்துக்கொள்ளும் என்பதால் வேகமாகப் பதியலாம். கட்டணமில்லாத பதிப்பில் ஐந்து தனிப்பட்ட திட்டங்கள் வரைதான் வைக்கலாம். பள்ளி, வீடு, அலுவலகம் என்று பிரித்தால் அதற்குள் அடங்கிவிடும்.

இரவுப்பணி · ஜூன் 12, இரவு 11.55

அன்று கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, விடுங்கள். என் நிலைமை வேறு. பிள்ளையைத் தனியாக வளர்க்கிறேன், பணி நேரம் வாரத்திற்கு வாரம் மாறுகிறது. பகிர்வதற்கு ஆளில்லாததால் நிரலர் சொல்லும் பகிர்வுச் சிக்கல் எதுவும் எனக்கு இல்லை. டிக்டிக் ஒன்றிலேயே பணிகளையும் நாட்காட்டிப் பார்வையையும் வைத்திருக்கிறேன். நாட்காட்டிப் பார்வைக்குக் கட்டணம் உண்டு, எனக்கு அது தகும். பகலில் தூங்கும் வாரத்தில், காலை 9 மணிக்கு ஒலிக்கும் நினைவூட்டல் எனக்கு வேண்டவே வேண்டாம். ஆகவே நேரம் குறிப்பதில்லை, தேதி மட்டும்தான். எழுந்ததும் பட்டியலைத் திறக்கிறேன். ஒரே ஆளுக்கு ஒரே செயலி போதும் என்பது என் அனுபவம்.

நிரலர் · ஜூன் 13, காலை 7.05

ஒரே ஆளுக்குப் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருவர் என்றால்தான் பிரிக்கச் சொல்கிறேன்.

மழைக்காலம் · ஜூன் 14, காலை 9.15

வீட்டு வேலைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. குடிநீர் வடிகட்டியை மூன்று மாதத்திற்கு ஒருமுறை சுத்தம் செய்யும் வேலையை மீள்நிகழ்வாக வைத்திருக்கிறேன். சில வாரங்கள் தாமதமாகச் செய்து குறியிட்டால், அடுத்தது இரண்டே மாதத்தில் வந்து நிற்கிறது. செயலியில் ஏதோ பிழை என்று நினைக்கிறேன்.

நிரலர் · ஜூன் 14, முற்பகல் 11.30

பிழையல்ல. மீள்நிகழ்வில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாட்காட்டியைப் பின்பற்றும்: பள்ளிக் கட்டணம் 10-ஆம் தேதி என்றால், போன மாதம் எப்போது கட்டினாலும் இந்த மாதமும் 10-ஆம் தேதிதான். மற்றொன்று கடைசியாகச் செய்த நாளிலிருந்து எண்ணும். வடிகட்டிக்கு இரண்டாவதுதான் வேண்டும். கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசாஃப்ட் டூ டூ, ஆப்பிள் ரிமைண்டர்ஸ் ஆகியவை முதல் வகையில் நடப்பவை. டோடூயிஸ்ட்டில் ஓர் ஆச்சரியக்குறிதான் வேறுபாடு:

```
every 10th
every! 3 months
```

முதல் வரி கட்டணத்துக்கு, இரண்டாவது வடிகட்டிக்கு. டிக்டிக்கில் மீள்நிகழ்வு அமைப்பில் முடித்த தேதியை அடிப்படையாகக் கொள்ளும் தேர்வு இருக்கிறது. இடம்மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கட்டணத்தை முடித்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை என்று வைத்து, ஒரு மாதம் 14-ஆம் தேதி கட்டினால், அடுத்த மாத நினைவூட்டலும் 14-ஆம் தேதி வரும், கெடுவுக்கு நான்கு நாள் பிந்தி.

வானம்பாடி · ஜூன் 15, இரவு 10.20

மைக்ரோசாஃப்ட் டூ டூவை நிறுவியிருந்தேன். வடிகட்டிக் கதையைப் படித்தபின் டோடூயிஸ்ட்டுக்கு மாறிவிட்டேன். மாற்றுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை, நான்கு பணிகள்தான்.

இப்போது அலுவலகம். 20-ஆம் தேதி 10 முதல் 12 வரை நான் இல்லை என்பது என் குழுவுக்குத் தெரியாது. அன்று 11 மணிக்கு ஓர் ஆய்வுக் கூட்டத்தை என் அவுட்லுக்கில் வைத்துவிட்டார்கள். வீட்டு நாட்காட்டியை அலுவலகத்தோடு இணைப்பதை நிறுவனம் அனுமதிப்பதில்லை.

நிரலர் · ஜூன் 15, இரவு 10.45

அந்த ஒரு நிகழ்வில் மட்டும் உங்கள் அலுவலக மின்னஞ்சலை விருந்தினராகச் சேருங்கள். அழைப்பு அவுட்லுக்குக்குப் போகும், நீங்கள் ஏற்றுக்கொண்டால் அந்த நேரம் அடைபட்டதாகத் தெரியும். பள்ளி நேரத்தை மாற்றினால் நீங்கள் கூகுளில் மாற்றி, விருந்தினருக்குத் தெரிவிக்கவா என்று கேட்கும்போது ஆம் என்று சொன்னால் அங்கேயும் மாறும். முழுநாள் நிகழ்வாக வைத்து அனுப்பாதீர்கள். முழுநாள் நிகழ்வுகள் பொதுவாக "Free" நிலையில் பதிவாகின்றன. பிறருக்கு நீங்கள் கிடைக்கக்கூடியவராகவே தெரிவீர்கள்.

மழைக்காலம் · ஜூன் 16, காலை 8.30

இதில் எனக்கு உடன்பாடில்லை. மகளின் பள்ளி, வகுப்பு, கணவரின் முகவரி எல்லாம் நிறுவனத்தின் சேவையகத்தில் போய் உட்காரும். நான் அவுட்லுக்கில் கையால் "வெளிவேலை" என்று ஒரு பதிவு போட்டுவிடுவேன். நேரம் மாறினால் இரண்டு இடத்தில் மாற்றவேண்டும், அவ்வளவுதானே.

நிரலர் · ஜூன் 16, காலை 9.00

அவுட்லுக்கில் அதைத் தனிப்பட்டதாகக் குறித்தால் சக ஊழியர்களுக்குத் தலைப்பு தெரியாது. நிறுவனத்திடம் போய்ச் சேர்கிறது என்ற உங்கள் கவலை அதனால் தீராது, அது நியாயமான கவலை. அந்த "அவ்வளவுதானே"யைத்தான் நான் நம்புவதில்லை.

வானம்பாடி · ஜூன் 16, இரவு 9.50

கையால்தான் போட்டேன். பள்ளி நிகழ்ச்சிகளில் நேரம் மாறுவது அபூர்வம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆய்வுக் கூட்டத்தை மதியம் 2 மணிக்கு நகர்த்தித் தந்தார்கள்.

வானம்பாடி · ஜூன் 18, இரவு 10.10

நேரம் மாறிவிட்டது. பெற்றோர் வருகை 11.30-க்கு. வகுப்புக் குழுவில் மதியமே செய்தி வந்தது. பள்ளி இணையதளத்தின் நாட்காட்டி இணைப்பிலிருந்து ஆண்டு முழுவதற்குமான நிகழ்வுகளைச் சென்ற வாரம் கூகுளில் ஏற்றியிருந்தேன். அதில் இன்னும் 10.30 என்றே இருக்கிறது. இணையதளத்தில் பார்த்தால் 11.30 என்று திருத்தியிருக்கிறார்கள். மழைக்காலத்தின் மகிழ்ச்சிக்காகச் சொல்கிறேன், இரண்டு இடத்தில் கையால் மாற்றிவிட்டேன்.

மழைக்காலம் · ஜூன் 18, இரவு 10.25

மகிழ்ச்சிதான்.

நிரலர் · ஜூன் 19, காலை 7.10

எப்படி ஏற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. கோப்பைத் தரவிறக்கி "Import" வழியாக ஏற்றியிருந்தால் அது அன்றைய நகல். பள்ளி என்ன திருத்தினாலும் உங்களிடம் மாறாது. கணினி உலாவியில் கூகுள் காலண்டரைத் திறந்து "Other calendars" என்பதற்கு அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, "From URL" என்பதில் அந்த இணைப்பை ஒட்டினால்தான் அது சந்தா. கைப்பேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. எது உங்களுடையது என்று அறிய, பள்ளி நிகழ்வு ஒன்றைத் திறந்து பாருங்கள். திருத்தவும் நீக்கவும் முடிந்தால் அது நகல். சந்தாவில் வந்த நிகழ்வைப் படிக்கத்தான் முடியும்.

சந்தா வைத்தாலும் உடனே மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். கூகுள் அந்த இணைப்பை எப்போது மறுபடி படிக்கும் என்பது அதன் கையில். 12 மணி நேரம் வரையோ அதற்கு மேலோ ஆகலாம், விரைவுபடுத்தப் பொத்தான் கிடையாது. மேக் கணினியின் நாட்காட்டியில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை என்று வைக்கமுடியும். ஆண்டுத் திட்டத்திற்குச் சந்தா நல்லது. முந்தைய நாள் மாற்றத்திற்கு அந்தக் குழுச் செய்தியைத் தவிர வழியில்லை.

திண்ணை · ஜூன் 19, காலை 7.45

எங்கள் செயலிக்குக் குழுச் செய்தி உடனுக்குடன் வந்துவிடும். பிற வீட்டுச் செய்திகளும் சேர்ந்தே வரும்.

வானம்பாடி · ஜூன் 20, இரவு 9.15

திருத்தவும் நீக்கவும் முடிகிறது, ஆகவே நகல்தான். அவற்றை நீக்கிவிட்டுச் சந்தாவாக வைக்க நினைத்தேன். ஆனால் சில நிகழ்வுகளில் யார் போவது என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். சந்தாவில் வருவதில் குறிப்பு எழுத முடியாதென்றால் அதை எங்கே வைப்பது?

நிரலர் · ஜூன் 20, இரவு 9.40

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தா நாட்காட்டியை மங்கலான நிறத்தில், அறிவிப்பு எதுவும் இல்லாமல், பார்வைக்கு மட்டும் வைப்பேன். அதில் உங்களில் ஒருவர் போகவேண்டிய நிகழ்வுகளை மட்டும் "பள்ளி" நாட்காட்டியில் புதிதாகப் பதிந்து, தலைப்பிலேயே போகிறவர் பெயரை எழுதுவேன். அந்தப் பதிவு தானாக மாறாது. ஆனால் இரண்டும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால், நேரம் வேறுபட்டால் கண்ணில் படும்.

இரவுப்பணி · ஜூன் 21, அதிகாலை 1.20

ஒரே நிகழ்வை இரண்டு முறை பார்ப்பது எனக்குத் தலைவலி. நான் குறிப்பை டிக்டிக் பணியில்தான் எழுதுவேன்.

வானம்பாடி · ஜூன் 21, காலை 7.00

கணவரும் இரவுப்பணி சொன்னதையே சொல்கிறார், அவருடைய திரை சிறியது. நான் மங்கலான நிறத்தைச் சோதித்துப் பார்க்கிறேன். அவர் தன் கணக்கில் சந்தாவை மறைத்துவைத்துக்கொள்ளட்டும். அடுத்து வருவது பெற்றோர் ஆசிரியர் கூட்டம், இரண்டு வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில். யார் எந்த வகுப்பு என்பதை எந்தச் செயலியில் முடிவுசெய்வது என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.